தந்தையின் பீ.ஆர்., மகனின் வங்கிக் கணக்கு: வழங்குநர் பதிவேட்டில் யாரைப் பதிவது?

1. கணக்குமேசை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களைப் பொதி செய்து அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிய வழங்குநர்களை மென்பொருளில் பதிவதற்கு முன்னர் அவர்களுடைய ஆவணங்களைச் சேகரித்துச் சரிபார்ப்பது சில மாதங்களாக என் பொறுப்பாக இருக்கிறது. இப்போது ஒரு கோப்பு என் மேசையில் தேங்கி நிற்கிறது.

சுன்னாகத்தில் உள்ள ஓர் அச்சகம் எட்டு ஆண்டுகளாக எங்களுக்கு அச்சிட்ட மட்டைப்பெட்டிகளைத் தந்து வந்தது. அதன் உரிமையாளர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். இப்போது மகன் நடத்துகிறார். புதிய கட்டளையின் பெறுமதி 640,000 ரூபா. அதன் மேல் 18 வீத வற் 115,200 ரூபா. அரைவாசியை முற்பணமாகக் கேட்கிறார்கள். அவர் அனுப்பிய உறையில் இருந்தவை இவை: தந்தையைத் தனி உரிமையாளராகக் காட்டும், பீ.ஆர். எனப்படும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி, மகனின் அடையாள அட்டைப் பிரதி, மகனின் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், அச்சகத்தின் கடிதத் தலைப்பில் ஒரு விலைமனு, மகன் அந்த முகவரியில் வசித்து அச்சகத்தை நடத்துகிறார் என்று கிராம அலுவலர் கொடுத்த கடிதம். விலைமனுவின் அடியில் அச்சிட்டிருக்கும் வற் இலக்கம் தந்தையுடையது.

"அச்சகம் அதேதான், பெயரும் அதேதான், பழைய பதிவில் வங்கிக் கணக்கை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்கிறார் எங்கள் உற்பத்தி முகாமையாளர். பெட்டி இல்லாவிட்டால் அடுத்த மாதம் பொதி செய்யும் வேலை நின்றுவிடும் என்பதும் உண்மைதான். நான் பழைய பதிவைத் திருத்துவதா, புதிய பதிவைத் திறப்பதா, கோப்பைத் திருப்பி அனுப்புவதா?

2. நல்லூர்வாசி

இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்பது என் எண்ணம். தந்தை இறந்தால் தொழில் மகனுக்கு வருகிறது, பீ.ஆர். அச்சகத்தின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது, அந்த அச்சகம் இன்றும் இயங்குகிறது. கிராம அலுவலரே உறுதிப்படுத்தியிருக்கும்போது அதைவிடப் பெரிய சாட்சி எது? இறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் வாங்கிக் கோப்பில் போட்டு, பழைய பதிவிலேயே கணக்கு இலக்கத்தை மாற்றிவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்த வங்கிக் கிளைக்குத் தொலைபேசி எடுத்து, இந்தக் கணக்கு இவருடையதா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

3. தீவகன்

பதிவு பற்றிய பேச்சு என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் சிறு ஒப்பந்த வேலைகள் செய்பவன். அரசாங்க வேலை எடுக்க வேண்டுமானால் முதலில் கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் தரப் பதிவு இருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தமென்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும். அந்த அச்சகத் தம்பி இவற்றைச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். எனக்கு அதற்காகக் கொழும்புக்கு இரண்டு தடவை போய்வர நேர்ந்தது.

4. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

தீவகன் அவர்கள் சொல்வது அரச ஒப்பந்தங்களுக்கு உரியது. இங்கே வாங்குபவர் ஒரு தனியார் நிறுவனம், வாங்கப்படுவது மட்டைப்பெட்டி. அந்த இரண்டு பதிவுகளும் இந்தக் கோப்புக்குத் தேவையில்லை.

நல்லூர்வாசி சொன்னதில் பாதி சரி. இறப்புச் சான்றிதழ் வாங்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பிழைகளுக்கும் அடியில் இருக்கும் பிழை "பீ.ஆர். அச்சகத்தின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது" என்ற எண்ணமே. தனி உரிமையாளர் ஒருவருடைய வியாபாரப் பெயர்ப் பதிவு, இன்னார் இன்ன பெயரில் வியாபாரம் செய்கிறார் என்று ஊருக்கு அறிவிக்கும் பதிவு மட்டுமே. அச்சகம் என்ற பெயருக்குச் சட்டத்தில் தனியாக ஓர் ஆள் இல்லை. நீங்கள் எட்டு ஆண்டுகளாகக் கொள்வனவுக் கட்டளை அனுப்பியது அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு. அவர் இறந்த நாளோடு உங்களுக்கும் அவருக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கல், இறந்தவருடைய சொத்தின் கணக்காகிவிடுகிறது. மகன் உங்களுக்குப் புதிய மனிதர். இதுவே வரையறுத்த கம்பனியாக இருந்திருந்தால் பணிப்பாளர் ஒருவர் இறந்தாலும் கம்பனி அதே இலக்கத்துடன் அப்படியே இருக்கும். பணிப்பாளர் மாற்றத்தைக் கம்பனிப் பதிவாளருக்கு அறிவித்த படிவம் 20இன் பிரதியைக் கேட்டு வாங்கி, பழைய பதிவையே தொடரலாம். உங்கள் முகாமையாளரின் மனதில் இருப்பது அந்தக் கம்பனி முறை; கையில் இருப்பது வேறு.

ஆகவே பழைய பதிவைத் திருத்தாதீர்கள். அதில் புதிய கொள்வனவுகளைத் தடுத்துவிட்டு, மகனுக்குப் புதிய பதிவைத் தொடங்குங்கள். பழைய பதிவில் வங்கிக் கணக்கை மாற்றினால் எட்டு ஆண்டுக் கொள்வனவு வரலாறும், பழைய வற் இலக்கமும், தந்தைக்கு அனுமதித்திருந்த கடன் எல்லையும் எவரும் சரிபார்க்காமலே மகனின் தலையில் ஏறிவிடும். நாளை ஒருவர் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தால் எட்டு ஆண்டு நம்பிக்கையான வழங்குநர் என்றுதான் தெரியும். வங்கிக் கணக்கு மட்டும் சென்ற கிழமை மாறியது என்பது தெரியாது.

கிராம அலுவலரின் கடிதம் வதிவிடத்துக்குச் சான்று. அச்சு இயந்திரம் யாருடையது, கணக்கு யாருடையது என்பவற்றுக்கு அது சான்றாகாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாக் கோப்பிலும் ஒரு கிராம அலுவலர் கடிதம் இருக்கும். அது இருப்பதனாலேயே மற்றவற்றைப் பார்க்காமல் விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

வங்கிக்குத் தொலைபேசி எடுப்பதும் நடக்காது. வாடிக்கையாளரின் விபரத்தை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு வங்கி உத்தியோகத்தருக்கு உண்டு. சொன்னால் அவர் பிழை விட்டவராவார். சொல்லாவிட்டால் உங்களுக்குப் பயனில்லை. கணக்கின் சொந்தக்காரரே தம் கிளையில் கேட்டு, கணக்கின் பெயர், இலக்கம், கிளை மூன்றையும் குறிப்பிட்ட கடிதமொன்றை வங்கியின் கடிதத் தலைப்பில் வாங்கித் தருவதுதான் வழி.

5. வடமராட்சி வணிகர்

நான் மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவன். நெல்லியடியில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு நிறுவனம் 35,000 ரூபாவுக்குக் கம்பி வலை வாங்குவதற்காக என்னிடம் பதினொரு ஆவணங்களைக் கேட்டது. அவற்றில் ஒன்று கணக்காய்வு செய்யப்பட்ட இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கை. இரும்புக் கடைக்காரனிடம் கணக்காய்வு அறிக்கை ஏது? நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அதே வலையை என்னிடம் வாங்கிய இன்னொருவரிடமிருந்து விலை கூட்டி வாங்கினார்கள்.

ஓடிட்டர் ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பொடியனிடம், எட்டு ஆண்டு பெட்டி தந்த வீட்டிடம், முதல் நாள் வந்தவனிடம் கேட்பதைப் போலக் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

6. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

வணிகர் ஐயாவின் குறை நியாயமானது. 35,000 ரூபாவுக்குப் பதினொரு ஆவணம் கேட்டவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று தமக்கே தெரியாமல் பட்டியலை நீட்டியிருக்கிறார். அந்தத் தொகைக்கு வழங்குநர் பதிவே தேவையில்லை. ஒரு தடவைக் கொடுப்பனவாகக் காசோலை எழுதிப் பற்றுச்சீட்டை வாங்கி வைத்தால் போதும். எந்த ஆவணத்தைக் கேட்கும்போதும், இதில் பிழை இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் செய்யமாட்டீர்கள் என்றால் அதைக் கேட்க வேண்டாம்.

கணக்குமேசையின் கோப்புக்கு நான் கேட்பது நான்கு. மகன் தமது பெயரில் பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பதிவு, அடையாள அட்டையின் இரு பக்கங்களும், மகனுடைய வரி செலுத்துநர் இலக்கம், வங்கியின் கடிதம். பதிவுக்கு விண்ணப்பித்து இன்னும் கைக்கு வரவில்லையென்றால், அவர் தம் சொந்தப் பெயரிலேயே வழங்குநராகலாம். அப்போது விலைமனு, கொள்வனவுக் கட்டளை, கணக்கு மூன்றும் அவருடைய பெயரிலேயே இருக்க வேண்டும்; அச்சகத்தின் பெயர் எதிலும் வரக்கூடாது.

வற் வேறு விடயம். விலைமனுவில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள்: ஒருவருடைய வரி செலுத்துநர் இலக்கத்தின் ஒன்பது எண்களுக்குப் பின்னால் -7000 என்று சேர்ந்திருப்பது அவருடைய வற் இலக்கம். முன்னால் இருப்பது தந்தையின் இலக்கமென்றால் அந்த வற் பதிவு மகனுடையதல்ல. மகன் தமக்கு வற் பதிவு இல்லாமல் 115,200 ரூபாவை அறவிட முடியாது. நீங்கள் அதைக் கொடுத்துவிட்டு உள்ளீட்டு வரியாகக் கழிக்கப் போனால் இறைவரித் திணைக்களம் மறுக்கும். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கடிதத் தலைப்பு தந்தை காலத்தில் அச்சிட்டது. அச்சகக்காரர் தம் கடிதத் தலைப்பைக் கடைசியாகத்தான் மாற்றுவார். எதுவாயினும் வற் இல்லாத புதிய விலைமனுவை வாங்குங்கள், அல்லது அவருடைய சொந்த வற் சான்றிதழை.

7. பெறுகை_சாவகச்சேரி

வங்கிக் கடிதம் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் அலுவலகம் கையைச் சுட்டுக்கொண்டது.

எங்களுக்கு வழக்கமாகத் தண்ணீர்த் தொட்டி தருபவரின் மின்னஞ்சலில் இருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. வங்கிக் கடிதமும் இணைத்திருந்தார்கள். முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தன. எங்கள் எழுதுவினைஞர் கவனமானவர். தொலைபேசியிலும் கேட்டு உறுதிப்படுத்தினார். ஆனால் அவர் அழைத்தது அந்த மின்னஞ்சலின் அடியில் இருந்த இலக்கத்தை. மறுமுனையில் பேசியவர் ஆமாம் என்று சொன்னார், சொல்லாமல் இருப்பாரா? 480,000 ரூபா போனது. உண்மையான வழங்குநர் பதினெட்டு நாள் கழித்து, ஏன் இன்னும் காசு வரவில்லை என்று கேட்டபோதுதான் தெரியவந்தது.

அதன் பின்னர் எங்களுக்கு ஒரே விதி: உறையோடு வந்த இலக்கத்தை அழைப்பதில்லை. பழைய பற்றுச்சீட்டில் உள்ள இலக்கம், கடைப் பலகையில் உள்ள இலக்கம், அல்லது நேரில் போய் வாங்கிய இலக்கம். சுன்னாகம் என்றால் பேருந்தில் அரை மணி நேரம். ஒருவர் போய் அச்சகத்தைப் பார்த்து, மகனின் கையால் அந்த வங்கிக் கடிதத்தை வாங்கி வரலாம். அதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தெரியாது. போகிறவர் முகாமையாளர் அனுப்பும் ஆளாக இல்லாமல் கணக்குப் பிரிவின் ஆளாக இருக்கட்டும்.

இன்னொன்று: நாங்கள் இணைய வங்கி மூலம் அனுப்பிய அந்தக் கொடுப்பனவில் பெறுபவரின் பெயர் உண்மையான வழங்குநருடையது, கணக்கு இலக்கம் மட்டும் வேறொருவருடையது. பெயர் பொருந்தாததால் அது திரும்பி வரவில்லை.

8. நல்லூர்வாசி

அது எனக்குப் புதிய செய்தி. பெயர் பிழைத்தால் வங்கி திருப்பிவிடும் என்றே இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன்.

9. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பெயரைப் பார்ப்பது காசோலைதான். பெறுபவரின் கணக்கிற்கு மட்டும் என்று குறுக்குக் கோடிட்ட காசோலையை ஒருவர் வங்கியில் இடும்போது, காசோலையில் உள்ள பெயரையும் கணக்கின் பெயரையும் உத்தியோகத்தர் ஒப்பிடுவார். ஆகவே புதிய வழங்குநருக்கு முதற் கொடுப்பனவை அத்தகைய காசோலையாகக் கொடுங்கள் என்று நான் வேலை செய்த இடங்களில் எல்லாம் சொல்லி வந்தேன். அது மாறிக் கணக்கில் சேர்ந்தால், பெயரும் கணக்கும் ஒருவருடையவை என்று வங்கி உங்களுக்குச் செலவில்லாமல் சரிபார்த்துக் கொடுத்துவிட்டது. இரண்டாவது கொடுப்பனவிலிருந்து இணைய வழியில் அனுப்பலாம். அச்சகத்தின் பெயரில் காசோலை எழுதி, மகன் அதைத் தம் சேமிப்புக் கணக்கில் இட முயன்றால் அங்கேயே திரும்பும். அப்படித் திரும்புவது நல்லது.

10. கணக்குமேசை

எல்லோருக்கும் நன்றி. சாவகச்சேரி அக்கா சொன்னபடி நேற்று மாலை நானே சுன்னாகத்துக்குப் போய் வந்தேன். அச்சகம் இயங்குகிறது, மகன் மரியாதையாகப் பேசினார். கடிதத் தலைப்பு தந்தையுடையது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. வற் பதிவு தமக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, வற் இல்லாத விலைமனுவை அங்கேயே எழுதித் தந்தார். வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்தக் கிழமை போவதாகச் சொன்னார்.

இப்போது இரண்டு புதிய சிக்கல்கள். முதலாவது எழுத்து. அவருடைய பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும், விலைமனுவில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். இரண்டாவது, எங்கள் உற்பத்தி முகாமையாளர் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு என்பது அங்கே தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவர் மறைத்தார் என்று சொல்லமுடியாது, யாரும் கேட்கவில்லை.

11. தரவுமேசை

எழுத்துச் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன்; நான் இதே வகை மென்பொருளைப் பராமரிப்பவன். சிவராசா என்ற ஒரே பெயர் Sivarajah, Sivarasa, Sivaraja என்று மூன்று ஆவணங்களில் மூன்றாக வரும். தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், சில இடங்களில் தந்தையின் பெயர் முழுவதுமாக வரும். ஆகவே பெயரை வைத்து இரட்டைப் பதிவைத் தேடாதீர்கள், ஒருபோதும் அகப்படாது. அடையாள அட்டை இலக்கம், வரி செலுத்துநர் இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கினாலும் தேடுங்கள். பதிவேட்டில் பெயரை வங்கிக் கணக்கில் இருப்பதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இடுங்கள், ஏனென்றால் காசோலை அந்தப் பெயருக்குத்தான் போகும். மற்ற எழுத்து வடிவங்களைக் குறிப்புப் பகுதியில் போடுங்கள்.

அடையாள அட்டையிலும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் அட்டையில் பன்னிரண்டு எண்கள். ஒரே மனிதர் அன்று பழைய இலக்கத்தோடும் இன்று புதிய இலக்கத்தோடும் வந்தால் மென்பொருள் இருவர் என்று எண்ணும். பழையதைப் புதியதாக மாற்றும் ஒழுங்கு எளிது:

```
YYDDDSSSCV  →  19YYDDD0SSSC
="19"&LEFT(A2,5)&"0"&MID(A2,6,4)
```

இந்தச் சூத்திரத்தை உங்கள் வழங்குநர் பட்டியலின் பக்கத்தில் ஒரு நிரலாகப் போட்டு, பழைய இலக்கங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் தேடுங்கள். இடையில் ஒன்று: பட்டியலை எக்செல் கோப்பில் திறக்கும்போது வங்கிக் கணக்கு இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியங்கள் விழுந்துவிடும். அந்த நிரலை எழுத்து வடிவமாக வைக்காமல் திறந்து, சேமித்து, மீண்டும் மென்பொருளில் ஏற்றி, நாற்பது வழங்குநரின் கணக்கு இலக்கங்களை ஒரே மாலையில் பிழையாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர்தான் இதை எழுதுகிறார்.

12. வடமராட்சி வணிகர்

உறவைப் பற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் உறவில்லாத வழங்குநரை எங்கே தேடுவது? என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் நால்வர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அதற்காக யாரும் யாரிடமும் வாங்கக்கூடாது என்றால் எல்லோரும் வவுனியாவுக்குத்தான் போக வேண்டும்.

13. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உறவை எழுத்தில் ஒரு வரியாகப் படிவத்தில் போட வேண்டும்; அந்த உறவுக்காரர் இந்தக் கோப்பில் அங்கீகாரக் கையொப்பம் இடக்கூடாது; இவ்வளவுதான். முகாமையாளர் "பெட்டி தேவை, இந்த அச்சகம் தரமானது" என்று கோரிக்கை வைக்கலாம், அது அவருடைய வேலை. விலை சரியா, ஆவணம் சரியா, பதிவைத் திறக்கலாமா என்பதற்கு இன்னொருவர் கையொப்பமிடட்டும்.

கணக்குமேசை, உங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எத்தனை பேர்? பதிவை உள்ளிடுபவரும் கொடுப்பனவை விடுவிப்பவரும் ஒருவரா?

14. கணக்குமேசை

மூன்று பேர். ஆவணம் பார்ப்பது நான், மென்பொருளில் உள்ளிடுவதும் நான். கொடுப்பனவைத் தயாரிப்பது இன்னொருவர். அவர் விடுப்பில் நின்றால் அதுவும் நான். கணக்காளர் அங்கீகரிக்கிறார். ஆனால் மென்பொருள் எனக்கும் அங்கீகரிக்கும் பொத்தானைக் காட்டுகிறது.

15. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்களை நம்பாததால் சொல்லவில்லை. நாளை ஏதாவது காசு காணாமற்போனால் முதலில் விரல் நீள்வது உங்களை நோக்கித்தான். பொத்தான் இல்லாதவரிடம் யாரும் கேட்க முடியாது. மூன்று பேர் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கு இலக்கத்தை உள்ளிடும் கையும் கொடுப்பனவைத் தயாரிக்கும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. விடுப்பு நாளிலும் கூடாது. அந்த நாளில் புதிய பதிவைத் திறக்காதீர்கள், ஒரு நாள் பிந்தட்டும். நீங்கள் உள்ளிட்ட பதிவு, கணக்காளர் மூல ஆவணங்களைக் கையில் வைத்துக் கணக்கு இலக்கத்தை எண்ணெண்ணாக வாசித்துப் பார்க்கும் வரை கொள்வனவுக்கும் கொடுப்பனவுக்கும் தடுக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். திரையில் உள்ளதைத் திரையோடு ஒப்பிடுவது சரிபார்ப்பல்ல.

16. பெறுகை_சாவகச்சேரி

ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கணக்காளர் மாதத்தில் பத்து நாள் கிளிநொச்சியில். அங்கீகாரம் தொலைபேசிப் படத்தைப் பார்த்தே நடக்கிறது. படத்தில் உள்ள வங்கிக் கடிதத்தைப் பார்த்துக் கையொப்பமிடுவது மூல ஆவணத்தைப் பார்ப்பதாகுமா? இதற்கு எங்களிடம் இன்னும் நல்ல விடை இல்லை.

17. தீவகன்

முன்னர் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இப்போது எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அந்தத் தகப்பனுக்கு மனைவி இருப்பார், வேறு பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கலாம். எங்கள் தேசவழமைப்படி அவர் தேடிய தேட்டத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு. அச்சு இயந்திரம் இந்த ஒரு மகனுக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது?

18. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு விடை காண்பது பெட்டி வாங்குபவரின் வேலையல்ல. இயந்திரத்தின் உரிமையைக் குடும்பம் தமக்குள் தீர்க்கட்டும். மகன் தம் பெயரில் பெட்டி தருவதாக ஒப்பந்தம் செய்கிறார், பெட்டி வருகிறது, அவர் பெயருக்குக் காசு போகிறது. அதில் நமக்கு ஆபத்துக் குறைவு. ஆபத்து முற்பணத்தில் இருக்கிறது. சகோதரர் ஒருவர் அச்சகத்தைப் பூட்டினால் 320,000 ரூபா உள்ளே நின்றுவிடும். முதற் கட்டளைக்கு முற்பணம் கொடுக்காமல், பெட்டிகளை இரண்டு தடவையாகப் பெற்று ஒவ்வொன்றுக்கும் உடனே கொடுப்பனவு செய்யுங்கள்.

19. கணக்குமேசை

ஒரு கிழமைக்குப் பின் எழுதுகிறேன். தரவுமேசை தந்த சூத்திரத்தை இட்டுத் தேடியபோது மகனுடைய இலக்கம் ஏற்கெனவே எங்கள் பதிவேட்டில் இருப்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பெட்டிகளை லொறியில் கொண்டுவந்தவர் என்று, பழைய அடையாள அட்டை இலக்கத்தோடு, வேறொரு வங்கிக் கணக்கோடு போக்குவரத்து வழங்குநராகப் பதிந்திருக்கிறார்கள். பெயரும் வேறு எழுத்து வடிவம். அவரிடம் கேட்டேன்; அது மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, இப்போது பயன்படுத்துவதில்லை என்றார். கணக்காளரின் முடிவுப்படி அந்தப் பதிவைத் தடுத்துவிட்டுப் புதியதைத் திறந்தோம். வங்கிக் கடிதத்தை அவரே கொண்டுவந்து தந்தார். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் வந்தது. பதிவு கைக்கு வரும் வரை சொந்தப் பெயரில்தான் கட்டளை. முற்பணம் இல்லாமல், இரண்டு தடவையாக 320,000 என்று ஒப்புக்கொண்டார். முகாமையாளர் உறவுப் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார். முதற் காசோலை நேற்று மாறியது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. தந்தையின் பழைய பதிவை மூடப் போனபோது அதில் அவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய 38,500 ரூபா நிலுவையில் நிற்பது தெரிந்தது. இறப்பதற்கு முந்திய மாதம் தந்த பெட்டிக்கு உரியது. மகன், அதையும் தம் கணக்கிலேயே போடச் சொல்கிறார்.

20. நல்லூர்வாசி

அவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றம் வரை போகச் சொல்வதா? அம்மாவின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

21. ஓய்வுபெற்ற ஓடிட்டர்

அந்தக் காசு மகனுடையதல்ல, இறந்தவருடைய சொத்தைச் சேர்ந்தது. ஆகவே மகனின் வழங்குநர் பதிவினூடாக அது போகக்கூடாது. பழைய பதிவைத் தடுத்த நிலையிலேயே, நிலுவையோடு விட்டுவையுங்கள். தாயாரும் பிள்ளைகள் எல்லோரும் கையொப்பமிட்ட கடிதமும் இழப்பீட்டுப் பொறுப்பும் வாங்கிக்கொண்டு கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது போதுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் சட்டத்தரணி அல்ல.

22. கணக்குமேசை

பிள்ளைகள் மூவர், ஒருவர் டொரொன்டோவில். நாளை சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.